புதிய போனில் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை மீட்பது எப்படி? போன் பேக்கப்பில் எது வருகிறது, எது வராது?

என் அக்கா இசை கற்றுக்கொடுக்கிறார். மாணவர்கள் பாடி அனுப்பிய குரல் பதிவுகளும், அவற்றுக்கு அவர் எழுதிய திருத்தங்களும் மூன்று ஆண்டுகளாக அவருடைய வாட்ஸ்அப்பில்தான் இருந்தன. ஒரு சனிக்கிழமை மாலை அவர் புதிய ஆண்ட்ராய்டு போனுக்கு மாறினார். கூகுள் கணக்கில் நுழைந்ததும் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், செயலிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. வாட்ஸ்அப் மட்டும் வெறுமையாகத் திறந்தது. "பேக்கப் முடிந்தது என்றுதானே போன் சொன்னது?" என்று கேட்டார். போன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பேக்கப்பில் உரையாடல்கள் சேரவே இல்லை, அவ்வளவுதான்.

இரண்டும் ஆண்ட்ராய்டு போன்களாக இருந்து, பழைய போன் இன்னும் திறக்கிறது என்றால் உரையாடல்களை மீட்பது எப்படி என்பதை அக்காவின் போனில் நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில், அவை ஏன் தானாக வரவில்லை என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் படிகள் தாமாகப் புரியும்.

இரண்டு பேக்கப்கள், இரண்டு இடங்கள்

ஆண்ட்ராய்டு போனின் பேக்கப், கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது. குறுஞ்செய்திகள், அழைப்பு விவரங்கள், போனின் அமைப்புகள், எந்தெந்தச் செயலிகள் இருந்தன என்ற பட்டியல் ஆகியவை அதில் உண்டு. செயலிகளின் உள் தரவும் ஓரளவு போகும். ஆனால் ஒரு செயலிக்கு 25 எம்.பி. வரைதான் இடம். தன் தரவு இதில் சேர வேண்டாம் என்று செயலியை உருவாக்கியவர்கள் விலக்கிக்கொள்ளவும் முடியும். அதனால்தான் செயலி புதிய போனில் வந்து நிற்கும், அதற்குள் இருந்தது வராது.

வாட்ஸ்அப் தன் உரையாடல்களைத் தானே தனியாக, இரண்டு விதமாகப் பேக்கப் எடுக்கிறது. ஒன்று கூகுள் கணக்குக்குப் போவது. அதை வாட்ஸ்அப்புக்குள் சென்று நாம்தான் இயக்கியிருக்க வேண்டும். கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தை மின்னஞ்சல், படங்கள் ஆகியவற்றோடு அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. அக்காவின் கணக்கில் இடம் நிரம்பி எட்டு மாதமாக அந்தப் பேக்கப் நின்றிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மற்றொன்று போனிலேயே எழுதப்படும் உள்ளகப் பேக்கப். இதற்கு இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். வாட்ஸ்அப் நாள்தோறும் அதிகாலை 2 மணிக்கு எல்லாச் செய்திகளையும் ஒரே கோப்பாகப் பூட்டி வைக்கிறது. கடைசி ஏழு நாள் கோப்புகள் வரை இருக்கும். நாம் நம்பப்போவது இதைத்தான்.

படி 1: பழைய போனில் புதிய பேக்கப் எடுங்கள்

பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் வேலை செய்யும்போதே Settings, Chats, Chat backup என்று சென்று Back up என்பதை அழுத்துங்கள். புதிய போனில் எண்ணைப் பதிவு செய்வதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். புதிய போனில் எண் பதிவானதும் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். பிறகு அங்கே இந்தப் பொத்தானை எட்ட முடியாது.

அக்கா இதைத்தான் தவறவிட்டார். பழைய போனில் எஞ்சியிருந்தது சனிக்கிழமை அதிகாலை 2 மணிக் கோப்பு. அவர் மாறியது அன்று மாலை 6 மணிக்கு. இடைப்பட்ட பதினாறு மணி நேரச் செய்திகள் எந்தக் கோப்பிலும் இல்லை. அவற்றை மீட்க முடியவில்லை.

எண்ணையும் மாற்றப்போகிறீர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் உள்ள எண் மாற்றும் வசதியைப் பழைய போனிலேயே பயன்படுத்திவிட்டு, அதன் பிறகு பேக்கப் எடுங்கள். கோப்பின் பூட்டைத் திறக்கும் சாவி அந்தத் தொலைபேசி எண்ணோடு பிணைந்தது. நீங்கள் எண்ணை உறுதிசெய்த பிறகே வாட்ஸ்அப்பின் சேவையகம் அதைத் தரும். வேறு எண்ணில் நுழைந்தால், கோப்பு கையில் இருந்தும் திறக்காது.

படி 2: கோப்புறையை முழுதாகக் கணினிக்கு எடுங்கள்

பழைய போனைக் கேபிளால் கணினியில் இணைத்து, போனின் திரையில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனின் உள் சேமிப்பில் இந்தப் பாதைக்குச் செல்லுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

பக்கத்திலேயே `Android/data` என்றொரு கோப்புறை இருக்கும். அதற்குள் தேட வேண்டாம். மிகப் பழைய போன்களில் `WhatsApp` கோப்புறை சேமிப்பின் முதல் அடுக்கிலேயே இருக்கலாம்.

உள்ளே இரண்டு கோப்புறைகள் முக்கியமானவை. `Databases` என்பதில் செய்திகள் இருக்கின்றன. `Media` என்பதில் படங்கள், காணொளிகள், குரல் பதிவுகள் இருக்கின்றன. செய்திக் கோப்பில் படமோ குரலோ கிடையாது. "இந்த இடத்தில் இந்தக் கோப்பு" என்ற குறிப்பு மட்டுமே உண்டு. ஆகவே `Databases` மட்டும் எடுத்தால் உரையாடல்கள் வரும், படங்கள் மங்கலான சிறு உருவாக நிற்கும், குரல் பதிவுகள் ஒலிக்காது. அக்காவுக்கு வேண்டியதே குரல்தான் என்பதால் நாங்கள் `WhatsApp` கோப்புறையை அப்படியே எடுத்தோம். செய்திக் கோப்பு 412 எம்.பி., மொத்தம் 11 ஜி.பி.

நகலெடுத்து முடிந்ததும் போனிலும் கணினியிலும் கோப்பின் அளவை ஒப்பிடுங்கள். கேபிள் நடுவில் அசைந்து பாதியில் நின்ற கோப்பு, பெயரில் சரியாகவே இருக்கும். அளவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கணினி நகலை வேலை முழுவதும் முடியும் வரை தொடாமல் வைத்திருங்கள்.

படி 3: புதிய போனில் வைத்து, பிறகு திறங்கள்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. புதிய போனில் வாட்ஸ்அப்பை நிறுவுங்கள், ஆனால் திறக்காதீர்கள். போனைக் கணினியில் இணைத்து, படி 2-இல் உள்ள அதே பாதையில் கோப்புறையை நகலெடுங்கள். `com.whatsapp` கோப்புறை இன்னும் இல்லையென்றால் அதே எழுத்துகளில் நீங்களே உருவாக்குங்கள். கடைசியில் செய்திக் கோப்பு இப்படி அமைய வேண்டும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases/msgstore.db.crypt14
```

முடிவில் 14-க்குப் பதிலாக 15 இருக்கலாம். அது பூட்டு முறையின் எண். எது இருக்கிறதோ அப்படியே விடுங்கள், மாற்றினால் கோப்பு திறக்காது. `WhatsApp` கோப்புறைக்குள் இன்னொரு `WhatsApp` விழுந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பாதையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்போது வாட்ஸ்அப்பைத் திறந்து, எண்ணை உறுதிசெய்து, அது கேட்கும் அனுமதிகளை மறுக்காமல் கொடுங்கள். அனுமதி மறுத்தால் பேக்கப்பைச் செயலி கண்டுகொள்ளாமல் போகலாம். பேக்கப் கிடைத்துவிட்டால் அதன் தேதியும் அளவும் திரையில் தெரியும். இரண்டும் நீங்கள் எடுத்த கோப்போடு பொருந்தினால் Restore என்பதை அழுத்துங்கள்.

அங்கே வேறு தேதி தெரிந்தால் நிதானியுங்கள். கூகுள் கணக்கில் ஏதோ பழைய பேக்கப் கிடந்து, வாட்ஸ்அப் முதலில் அதை எடுத்திருக்கலாம். அக்காவுக்கு எட்டு மாதம் முந்தைய தேதிதான் வந்தது. அதை ஏற்காமல் செயலியை மூடி நீக்கினோம், கூகுள் கணக்கைப் போனிலிருந்து தற்காலிகமாக விலக்கினோம், கணினி நகலைக் கொண்டு படி 3-ஐ மறுபடி செய்தோம். இந்த முறை சனிக்கிழமை அதிகாலைத் தேதி வந்தது.

Skip அழுத்திவிட்டால்

எண்ணை உறுதிசெய்ததும் வரும் திரையில், மீட்பு வேண்டாம் என்று தாண்டிப்போகும் பொத்தான் Skip. அக்கா சனிக்கிழமையே அதை அழுத்தியிருந்தார். அப்படிச் செய்தால் வாட்ஸ்அப் வெறும் பக்கத்திலிருந்து தொடங்கும். பின்னாளில் மீட்டுக்கொள்ள உள்ளே எந்தப் பொத்தானும் கிடையாது. மீட்பைக் கேட்பது எண்ணைப் பதிவு செய்யும் நேரத்தில் மட்டும்தான். எனவே செயலியை நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும். Skip செய்த பிறகு வந்த புதிய செய்திகள் அப்போது போய்விடும் என்பதால், வேண்டியவற்றை முதலில் குறித்துக்கொண்டோம்.

இதில் நாள் கடத்தக் கூடாது. வெறுமையான வாட்ஸ்அப்பும் அதிகாலை 2 மணிக்குத் தன் பேக்கப்பை எழுதும். கணினியில் நகல் இல்லாமல் புதிய போனில் மட்டும் கோப்பை வைத்திருந்தால், நாளடைவில் பழையது தள்ளப்பட்டுப் போகும்.

முந்தைய ஒரு நாளின் கோப்பு வேண்டுமென்றால், `Databases`-இல் தேதி சேர்த்த பெயர்களோடு அவை இருக்கும். வேண்டியதைத் தேர்ந்து, தேதியையும் அடுத்துள்ள எண்ணையும் நீக்கிப் பெயர் மாற்றுங்கள். ஏற்கெனவே அதே பெயரில் உள்ள கோப்பை முன்னதாக வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்:

```
msgstore-2025-03-14.1.db.crypt14
msgstore.db.crypt14
```

எங்கே இது உதவாது

End-to-end encrypted backup எனப்படும் முழுமறையாக்கத்தைப் பேக்கப்புக்கு நீங்கள் இயக்கியிருந்தால், எண்ணை உறுதிசெய்வது மட்டும் போதாது. அப்போது வைத்த கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கேட்கப்படும். கடவுச்சொல் மறந்துபோய், வேறு திறவுகோலும் இல்லையென்றால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. பழைய போனை விடுவதற்கு முன்பே அதை நினைவுபடுத்திப் பாருங்கள். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்புக்கு நீங்கள் வைத்த PIN எண் இதிலிருந்து வேறு. அதுவும் கேட்கப்படலாம்.

ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்கு இந்தக் கோப்பு பயன்படாது. அங்கே இது திறக்காது. இரண்டும் ஆண்ட்ராய்டு போன்களாக இருந்து, பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், Chats பகுதியிலுள்ள Transfer chats வழியாக ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்து நேராக மாற்றிவிடலாம். அது இதைவிட எளிது. அக்காவைப் போலப் பழைய போனில் செயலி வெளியேறிவிட்டவர்களுக்குக் கோப்பு வழிதான் மிச்சம்.

மீட்பு முடிந்ததும் பழைய போனை உடனே அழிக்காதீர்கள். ஓர் உரையாடலில் முதல் செய்தி வரை மேலே சென்று பாருங்கள், பழைய படம் ஒன்றைத் திறங்கள், பழைய குரல் பதிவு ஒன்றை ஒலிக்கவிடுங்கள். செய்திகள் வந்து குரல் ஒலிக்கவில்லை என்றால் `Media` கோப்புறை தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அக்கா மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு மாணவியின் பதிவைத் தேடி எடுத்தார். அது முழுதாக ஒலித்து முடிந்த பிறகே பழைய போனை அணைத்தோம்.