சீசன் டிக்கெட் கணக்கில் வரும் பிழைகள்

மாதச் சீசன் டிக்கெட் எடுப்பதா, அன்றாடம் டிக்கெட் வாங்குவதா என்று கணக்குப் பார்க்கும் பலரும் மாதத்தின் வேலை நாள்களை எண்ணுகிறார்கள். கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது. எண்ண வேண்டியது நாம் உண்மையில் ரயில் ஏறிய தடவைகளை.

உங்கள் தடத்தில் சீசன் டிக்கெட்டின் விலை, ஒருவழி டிக்கெட்டைப் போல 36 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்று, வர ஒன்று என்றால் 18 நாள் பயணத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மாதத்தில் 22 வேலை நாள்கள் இருப்பதால் சீசன் டிக்கெட்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த மாதத்தில் பண்டிகை விடுமுறை 2 நாள், சொந்த விடுப்பு ஒரு நாள், வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை என்று 4 நாள் கழிந்தால் மிஞ்சுவது 15 நாள். அதிலும் 3 நாள் மாலையில் நண்பரின் காரில் வீடு திரும்பியிருந்தால் மொத்தப் பயணம் 27தான். 9 டிக்கெட்டின் காசு வீண். இந்த ஒருவழி நாள்களைத்தான் அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதனால் நாள்காட்டியில் காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு என்று தனித்தனியே போடுங்கள்.

அதே ஆள் விடுமுறையே இல்லாத அடுத்த மாதம் 22 நாளும் போய் வந்தால் 44 பயணம். அப்போது 8 டிக்கெட் மிச்சம். ஆகவே ஒரு மாதத்துக்குப் போட்ட கணக்கை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. சீசன் டிக்கெட் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், தொடர் விடுமுறை முடிந்த மறுநாளிலிருந்து எடுங்கள். இடையில் வரும் ஓரிரு நாளுக்குத் தனி டிக்கெட் போதும். பழையது முடிந்த அன்றே பழக்கத்தில் புதுப்பிப்பவர்கள்தான் விடுமுறை வாரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

ஒப்பிடும் விலையிலும் கவனம் தேவை. இருவழி டிக்கெட்டுக்கோ பயண அட்டைக்கோ தள்ளுபடி இருந்தால், நீங்கள் உண்மையில் கொடுக்கும் அந்தக் குறைந்த கட்டணத்தால்தான் சீசன் விலையை வகுக்க வேண்டும். ஒருவழிக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்றால், மேலே சொன்ன 36 பயணம் 40 ஆகிவிடும். அதாவது 18 நாள் போதாது, 20 நாள் போக வேண்டும்.

வார இறுதியில் அதே தடத்தில் எப்படியும் போகிற பயணங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கையில் சீசன் இருக்கிறதே என்பதற்காக மட்டும் போய் வந்தவற்றை லாபத்தில் எழுதக் கூடாது. டிக்கெட் வாங்க வேண்டியிருந்தால் அந்தப் பயணத்துக்கு நீங்கள் கிளம்பியிருக்கவே மாட்டீர்கள். எல்லாம் கழித்தும் கூட்டியும் வித்தியாசம் ஓரிரு டிக்கெட் அளவுக்கே வந்தால் சீசன் எடுத்துவிடலாம். தினமும் வரிசையில் நிற்கும் நேரம் அந்தக் காசைவிடப் பெரிது என்பது என் கருத்து.