ஆவி பிடிக்கும்போது பாத்திரம் எங்கே இருக்கிறது?

தீக்காயப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் என்னிடம், மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பது குறித்து உறவினரும் தெரிந்தவர்களும் அடிக்கடி கேட்பது, தண்ணீரில் என்ன போட வேண்டும் என்பதுதான். அந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று ஏறக்குறைய ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் பிரிவுக்கு ஆவி பிடித்துக் காயப்பட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு முகம் நன்றாகவே இருக்கிறது. வெந்திருப்பது தொடையும் அடிவயிறும்தான். அவர்களைச் சுட்டது ஆவி அன்று, கவிழ்ந்த வெந்நீர்.

கொதிக்கும் தண்ணீரில் விரலை விடக்கூடாது என்பதையெல்லாம் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே, கவனமாக இருப்பவர்களும் செய்யும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டிலிலும் மடியிலும் பாத்திரத்தை வைப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். சளி பிடித்துச் சோர்ந்திருப்பவர் எழுந்து போக மனமின்றிக் கட்டிலிலேயே சம்மணமிட்டு அமர்கிறார். எதிரே மெத்தையின்மேல் கொதித்த நீருள்ள பாத்திரம். தலைமேல் பெரிய போர்வை. பார்ப்பதற்கு எந்த ஆபத்தும் தெரியாது.

அப்படி அமர்ந்திருந்த ஓர் இளைஞருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆவி நன்றாக மேலே படவேண்டும் என்று அவர் முன்னால் குனிந்தார். குனிந்ததும் உடலின் பாரம் முழங்கால் பக்கம் நகர்ந்து, மெத்தை அங்கே அமுங்கிப் பாத்திரம் அவரை நோக்கிச் சாய்ந்தது. கண்களை மூடியிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் இருமல் வந்தது. பாத்திரத்தின் அடியில் மாட்டியிருந்த போர்வையின் ஓரம் இழுபட, ஏறக்குறைய 2 லிட்டர் நீரும் அவர் உட்கார்ந்திருந்த பள்ளத்துக்குள்ளேயே பாய்ந்தது. சம்மணமிட்ட கால்களைப் பிரித்து, போர்வையை விலக்கி, கட்டிலிலிருந்து இறங்குவதற்குள் சில நொடிகள் போய்விட்டன. நனைந்த பருத்திக் கால்சட்டை அந்தச் சூட்டைத் தோலோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு உள்தொடைகளிலும் தோல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

அந்தச் சில நொடிகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் ஏறத்தாழ 5 நொடிகளில் பெரியவர்களின் தோலையே ஆழமாக வேகவைத்துவிடும். 70 டிகிரிக்கு ஒரு நொடியே போதும். ஆவி நன்றாக எழும் நிலையில் பாத்திரத்திலுள்ள நீர் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். எனவே, கவிழ்ந்தவுடன் எழுந்துவிடலாம் என்ற எண்ணத்தை நம்பக் கூடாது. கவிழ்ந்தாலும் நீர் உடலை நோக்கி வராதபடி இடத்தைத் தேர்ந்தெடுப்பதே உண்மையான பாதுகாப்பு.

அதற்கு மிகச் சிறந்த இடம் பாத்திரம் கழுவும் தொட்டி. அடி அகன்ற, கனமான பாத்திரத்தைத் தொட்டிக்குள் வைத்துவிட்டால் சிந்தும் நீர் வடிந்து போய்விடும். நிற்க முடியாதவர்கள் ஆடாத மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் நடுவில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து, ஆவிப் பாத்திரத்தை அதற்குள் வைக்கலாம். ஈரத்துணி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கவிழ்ந்தாலும் நீர் மேசை விளிம்பைத் தாண்டி மடியில் கொட்டாமல் வெளித்தொட்டியிலேயே தங்கிவிடும். பாதங்கள் தரையில் பதியும்படி நாற்காலியில் அமருங்கள். பாத்திரத்தில் பாதிக்குக் குறைவாகவே நீர் இருக்கட்டும். ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கி வராமல், வைத்த இடத்திலேயே கெட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். முடித்த பிறகும் ஆறும்வரை அதை அசைக்க வேண்டாம்.

துண்டைப் பாத்திரத்தின் மேலும் போர்த்துவது

துண்டு தலையையும் தோளையும் மூடினால் போதும். அதன் நுனி பாத்திரத்தைத் தொடவே கூடாது.

முகத்தை நெருக்கமாகக் கொண்டுபோவது

நீராவி தோலில் பட்டு நீராக மாறும்போது தன்னுள் இருக்கும் வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அதனால்தான் கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தின்மேலோ கெட்டிலின் மூக்கிலோ நேராக ஆவி பிடிக்கக் கூடாது. அடுப்பை அணைத்து, நீரின் கொந்தளிப்பு அடங்கிச் சில நிமிடங்கள் கழிந்த பிறகு தொடங்குங்கள். முகத்துக்கும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். முகம் வரப்போகும் இடத்தில் மணிக்கட்டின் உட்புறத்தைப் பத்து நொடிகள் பிடித்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் முகத்துக்கும் அந்தச் சூடு அதிகம்.

இன்னும் சூடாக இருந்தால் இன்னும் நன்றாகத் திறக்கும் என்று எண்ணுவதிலும் பொருளில்லை. சளிக்காலத்தில் மூக்கு அடைபடுவதற்குப் பெரும் காரணம் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வீங்குவதே. வெதுவெதுப்பான ஈரக்காற்று கெட்டிச் சளியை இளக்கிச் சற்று நேரம் இதமளிக்கும். அது சளி நோயைக் குணப்படுத்துவதும் இல்லை, நோயின் நாட்களைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. 5 முதல் 10 நிமிடங்களுக்கு மேல் குனிந்திருப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

குழந்தைக்கு ஆவி பிடிப்பது

வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் போர்வைக்குள்ளேயே என்றாலும் வேண்டாம்.

குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவரைச் சிவக்கவைக்கும் அதே நீர் குழந்தையின் தோலை ஆழம்வரை வேகவைக்கும். போர்வைக்குள் இருட்டும் சூடும் சேர்ந்தால் குழந்தை திமிறும். திமிறும் குழந்தையையும் பாத்திரத்தையும் ஒருவரால் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. பெரியவர் ஆவி பிடிக்கும்போது தவழும் குழந்தை வந்து துண்டையோ மின் ஆவிக் கருவியின் கம்பியையோ இழுப்பது இன்னொரு வழக்கமான விபத்து. கண்மூடிக் குனிந்திருப்பவர் அதைத் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் வேறொருவர் குழந்தையை அடுத்த அறையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால், அது உறங்கிய பிறகு பிடிக்கலாம்.

குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டே போதும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடுவதால், பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் அதை விடுவது பால் குடிக்க உதவும். கற்பூரமும் புதினா உப்பும் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். புதினா உப்பின் நெடி சிறு குழந்தைகளின் மூச்சுக்குழலைச் சட்டென்று இறுகச் செய்யலாம்.

வெந்தபின் ஐஸ் வைப்பது

ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். நனைந்த உடையையும் நகைகளையும் உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருப்பதை மட்டும் இழுக்காதீர்கள். பிறகு குழாய் நீரைக் காயத்தின்மேல் 20 நிமிடங்கள் ஓடவிடுங்கள். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். விபத்து நடந்து 3 மணி நேரம்வரை இது பயன் தரும். குழந்தையானால் உடலின் மற்றப் பகுதிகள் குளிர்ந்துவிடாமல் போர்த்தியிருங்கள். கொப்புளங்களை உடைக்காமல், சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் பரப்பி மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்டிருந்தாலோ, காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, குழந்தைக்கு எந்த அளவில் பட்டிருந்தாலோ, வலி குறைகிறதா என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஆழமாக வெந்த இடத்தில் நரம்புகளும் கருகியிருக்கும் என்பதால் அங்கே வலி குறைவாகவே தெரியும்.