வெள்ளைப் பணியார வண்டிக்கு பிசினஸ் மாடல் கேன்வாஸ்: கட்டம் கட்டமாக

ஒரு தொழில் எப்படி நடக்கும் என்பதை ஒரே தாளில் ஒன்பது கட்டங்களில் எழுதிப் பார்ப்பதுதான் பிசினஸ் மாடல் கேன்வாஸ். சார்ட் பேப்பரைப் படுக்கையாக வையுங்கள். மேல்பகுதியில் ஐந்து நெடுங்கட்டம் போட்டு, இரண்டாவதையும் நான்காவதையும் குறுக்கே கோடிட்டு இரண்டாக்குங்கள். அடியில் அகலமாக இரண்டு கட்டம். மொத்தம் ஒன்பது. பென்சிலால் எழுதுங்கள், அழிக்க வேண்டிவரும்.

நம் உதாரணம், காரைக்குடியில் மாலை 5 முதல் 9 வரை நிற்கும் பணியார வண்டி. விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலது ஓரம் வாடிக்கையாளர். "எல்லோரும்" என்று எழுதினால் மற்ற கட்டங்களில் எதை எழுதுவது என்றே தெரியாது. மாலையில் கடைவீதிக்கு வரும் குடும்பங்கள், வீட்டு விசேஷத்துக்கு ஆர்டர் தருபவர்கள் என இரண்டோடு நிறுத்துங்கள்.

நடுக்கட்டத்தில் அவர்கள் ஏன் உங்களிடம் வர வேண்டும் என்பது. "சுவை, தரம்" யாரும் எழுதுவார்கள். "கண்ணெதிரே ஊற்றிச் சூடாகத் தரும் பணியாரம், வரமிளகாய்ச் சட்னியோடு" என்று எழுதுங்கள்.

நான்காவது நெடுங்கட்டத்தின் மேல்பாதி உறவு: விசேஷ ஆர்டருக்கு வாட்ஸ்அப் எண். கீழ்ப்பாதி விற்கும் வழி: வண்டி நிற்கும் இடம். வலது அடிக்கட்டம் வருமானம்: நான்கு பணியாரம் ஒரு தட்டு, 40 ரூபாய்.

இனி இடப்பக்கம். இரண்டாவதன் மேல்பாதி அன்றாட வேலை. இந்த மாவைப் புளிக்க விடக்கூடாது. நேரமானால் புளித்து எண்ணெய் குடிக்கும். அதனால் "இரண்டு முறை அரைத்தல்" என்றே எழுதுங்கள். கீழ்ப்பாதியில் தேவையானவை: வண்டி, சட்டி, வணிக சிலிண்டர், மாநகராட்சியின் தெரு வியாபாரிச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு. வீட்டு சிலிண்டரைக் கடைக்கு வைக்கக்கூடாது. இடது ஓரம் கூட்டாளிகள்: அரிசி, உளுந்து, எண்ணெய் தரும் மளிகைக்கடை.

கடைசியாக இடது அடிக்கட்டம், செலவு. தட்டுக்குச் சரக்கும் எரிவாயுவும் 18 ரூபாய் போக 22 மிஞ்சும். நாளொன்றுக்கு உதவியாள் கூலி 400, வண்டி வாடகையும் இதரமும் 260. ஆக, 660-ஐ 22-ஆல் வகுத்தால் 30 தட்டு விற்றால் போதும் என்று தோன்றும். உங்கள் கூலி அதில் இல்லையே! 500 சேர்த்தால் 1,160. 53 தட்டு விற்க வேண்டும்.

இப்போது வேலைக் கட்டத்துக்குத் திரும்புங்கள். 53 தட்டு என்றால் 212 பணியாரம். வெள்ளைப் பணியாரத்தைச் சட்டியில் ஒவ்வொன்றாகத்தான் ஊற்றி எடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் நான்கு மணி நேரத்தில் 160, அதாவது 40 தட்டுதான். எல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் உங்கள் கூலி முழுதாக வராது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கட்டத்திலும் பிழை தெரியாது.

"இரண்டு சட்டி" என்று திருத்தினால் 80 தட்டு வரை போகலாம். ஒருவரே இரண்டையும் பார்த்தால் கணக்கு மாறாது. சட்டிக்கு ஓர் ஆள் நின்றால் தட்டு கொடுத்துக் காசு வாங்க இன்னொருவர் வேண்டும். அவர் கூலி 400-ஐயும் சேர்த்தால் 71 தட்டு. அந்தக் கடைவீதியில் அவ்வளவு பேர் வாங்குவார்களா என்பதை வண்டியை வாடகைக்கு எடுக்குமுன் இரண்டு மாலை நின்று எண்ணிப் பாருங்கள்.