80 சதவீத ‘அக்யூரசி’ இருந்தும் பணம் போவது எப்படி? சிக்னல் குழுவின் கணக்கைப் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

டெலிகிராமில் நிஃப்டி ஆப்ஷன் சிக்னல் தரும் கட்டணக் குழுவில் சேர நினைப்பவர் முதலில் கேட்பது, ‘அக்யூரசி எத்தனை சதவீதம்?’ என்றுதான். அட்மினும் 80, 85 என்று ஏதாவது சொல்வார். அந்த எண் பொய்யாக இருக்குமோ என்றுதான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் நம் கணக்கில் நஷ்டம் வரலாம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் குழுக்களில் வரும் சிக்னல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
NIFTY 24500 CE
BUY ABOVE 120
SL 90
TARGET 130 / 150 / 180
```

24500 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 120 ரூபாய்க்கு மேல் போனால் வாங்கு, 90க்கு இறங்கினால் நஷ்டத்தோடு வெளியே வா என்பது ஸ்டாப்லாஸ், 130, 150, 180 ஆகியவை டார்கெட் என்று பொருள். விலை 130ஐத் தொட்டுவிட்டாலே குழு இதை வெற்றி என்று எழுதிக்கொள்ளும். அதாவது வெற்றி என்றால் 10 புள்ளி, தோல்வி என்றால் 30 புள்ளி. ஒரு தோல்வியை ஈடுகட்ட மூன்று வெற்றி வேண்டும். செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 75 சதவீத வெற்றி கிடைத்தால்தான் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும்.

இப்போது செலவைச் சேர்ப்போம். ஆப்ஷனை லாட் என்ற கட்டாகத்தான் வாங்கி விற்க முடியும். 2025ல் நிஃப்டியின் ஒரு லாட் 75. ஒரு லாட்டை 120க்கு வாங்கி 130க்கு விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு, எஸ்.டி.டி. வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து அப்போது 65 ரூபாய் அளவுக்கு வரும். புள்ளியில் சொன்னால் கிட்டத்தட்ட 0.9. அப்புறம், செய்தியைப் படித்து, ஆப்பைத் திறந்து, ஆர்டர் போட்டு முடிப்பதற்குள் 120 என்பது 122 ஆகியிருக்கும். 2 புள்ளி வித்தியாசம் என்பது தாராளமான கணக்கு அல்ல, வேகமாக நகரும் நாளில் இதைவிட அதிகமாகவே போகும்.

ஒரு மாதத்தில் 60 சிக்னல், அதில் 48 வெற்றி, 12 தோல்வி என்று வைப்போம். சரியாக 80 சதவீதம். வெற்றியில் 480 புள்ளி, தோல்வியில் 360 புள்ளி போக, மிச்சம் 120 புள்ளி. லாட்டுக்கு 9,000 ரூபாய் லாபம். குழு காட்டுகிற கணக்கு இங்கேயே முடிந்துவிடும். நம் கணக்கு இன்னும் முடியவில்லை. 60 சிக்னலுக்கும் செலவு சுமார் 3,900 ரூபாய். 2 புள்ளி தாமதத்துக்கு 60 × 2 × 75, அதாவது 9,000 ரூபாய். ஆக 3,900 ரூபாய் நஷ்டம். குழுவுக்கு மாதச் சந்தா 5,000 கட்டியிருந்தால் நஷ்டம் 8,900. இந்த சிக்னலில் தாமதமும் செலவும் போக, சந்தாவுக்கு முன்பு பூஜ்யத்தில் நிற்கவே 82 சதவீத வெற்றி தேவை.

அதனால் அக்யூரசியை மட்டும் கேட்பது முதல் தவறு. சராசரி வெற்றி எத்தனை புள்ளி, சராசரி தோல்வி எத்தனை புள்ளி என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்குப் பதில் இல்லாமல் சதவீதத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிற குழுவை நான் அங்கேயே விட்டுவிடுவேன்.

மூன்று டார்கெட், ஒரு லாட்

‘நாங்கள் 10 புள்ளியில் நிற்பதில்லையே, 180 வரை போகிறதே’ என்று அட்மின் சொல்வார். மாத முடிவில் போடும் பட்டியலில் அந்த சிக்னலுக்கு நேரே ‘+60’ என்றுதான் இருக்கும். 120ல் வாங்கி 180ல் விற்றதாகக் கணக்கு. சிக்னல் வந்த பிறகு விலை தொட்ட உச்சத்தை எடுத்து லாபமாக எழுதுவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

நாள் நடக்கும்போது வந்த செய்திகளைப் படித்தால் கதை வேறு. 130 வந்ததும் ‘பாதியை புக் பண்ணுங்க, மீதியை ஹோல்டு பண்ணுங்க’ என்று வரும். ஒரே ஒரு லாட் வாங்கியவரிடம் பாதி என்று ஒன்று கிடையாது. லாட்டை உடைத்து விற்க முடியாது. அவர் 130ல் வெளியே வந்தால் கிடைப்பது 10 புள்ளி. 180க்குக் காத்திருந்தால், விலை 135 வரை போய்த் திரும்பி 90க்கு வரும் நாட்களில் 30 புள்ளி போகும். குழுவோ இரண்டையும் தன் பக்கம் எழுதிக்கொள்கிறது: 180 போன நாளில் 60 புள்ளி லாபம், 135ல் திரும்பிய நாளில் ‘முதல் டார்கெட் முடிந்தது’. எந்த ஒரு மனிதரும் இந்த இரண்டு முறையையும் ஒரே நேரத்தில் பின்பற்றியிருக்க முடியாது. குழுவின் பழைய சிக்னல்களைச் சரிபார்க்கும்போது ஒரே விதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளக்க வேண்டும். ஒன்று, எல்லாமே முதல் டார்கெட்டில் முடிந்ததாக. இல்லையென்றால், எல்லாமே இரண்டாவது டார்கெட் அல்லது ஸ்டாப்லாஸ் வரை போனதாக.

‘90ல் இன்னொரு லாட் சேருங்க, ஆவரேஜ் பண்ணலாம்’ என்ற செய்தி வந்திருந்தால் அந்த வரிசையில் லாட் எண்ணிக்கை இருமடங்கு ஆகிவிட்டது என்று எழுத வேண்டும். ஸ்டாப்லாஸை நீக்கிவிட்டு வெற்றி எண்ணிக்கையைக் கூட்டுகிற வழி அது. சில வாரம் நன்றாகவே வேலை செய்யும், பிறகு ஆப்ஷன் காலாவதியாகும் ஒரு எக்ஸ்பைரி நாளில் மொத்தமும் போகும்.

இல்லாத செய்திகளைத் தேடுவது

சேனலை மேலே தள்ளி, கண்ணில் படும் சிக்னல்களை மட்டும் எண்ணுவது இன்னொரு தவறு. தோற்ற சிக்னல்களை அட்மின் அழித்திருந்தால் அவை கண்ணில் படாது. டெலிகிராம் அழிக்கப்பட்ட செய்திக்கு எந்த அடையாளமும் வைப்பதில்லை, ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. சேனலில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. செய்தியைத் தொட்டு Copy Link எடுத்தால் முகவரியின் கடைசியில் அது தெரியும்:

```
https://t.me/c/1234567890/2310
```

இதில் 2310 தான் செய்தி எண். அடுத்து கண்ணில் படும் செய்தி 2316 என்றால் இடையில் ஐந்து எண்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். ஒரே கட்டாகப் போட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும், ஒரு செய்தியை Pin செய்தது, லைவ் தொடங்கியது போன்ற அறிவிப்புகளுக்கும் எண் உண்டு. அதனால் அங்கங்கே ஓரிரண்டு எண் விடுபட்டால் அதை வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. சந்தை நேரத்தில், சிக்னலுக்கும் அதன் முடிவுக்கும் நடுவில், வாரம் முழுக்க எண்கள் தாவினால் அது தற்செயல் அல்ல.

செய்தியின் மூலையில் edited என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தவும் அப்படிச் செய்யலாம், 90 என்ற ஸ்டாப்லாஸை 70 ஆக மாற்றவும் செய்யலாம். எதை மாற்றினார் என்பது வெளியே தெரியாது. அதனால் திருத்தப்பட்ட சிக்னலை வெற்றிக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நியாயம்.

எண்கள் தொடர்ச்சியாகவே இருந்தாலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. ஒருவரே நான்கு சேனல் நடத்தி, இரண்டில் கால், இரண்டில் புட் என்று எதிரெதிர் சிக்னல் கொடுத்து, நன்றாக வந்த சேனலை மட்டும் விளம்பரம் செய்யலாம். இதைப் பழைய செய்திகளைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. நாம் பார்க்கத் தொடங்கிய நாளுக்குப் பிறகு வரும் சிக்னல்களை எழுதிவைத்தால் மட்டுமே இந்தத் தந்திரம் உடையும்.

லாப ஸ்க்ரீன்ஷாட்டும் பதிவு எண்ணும்

லாபப் படத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பிரவுசரில் எந்த எண்ணையும் மாற்றிப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். ஜெரோதா போன்ற தரகு நிறுவனங்கள் தரும் சரிபார்க்கப்பட்ட லாப நஷ்ட இணைப்பு இதைவிட நம்பத்தக்கது. ஆனால் அதிலும் எந்தக் காலத்தைக் காட்டுவது என்பதைப் பகிர்பவர்தான் தேர்வு செய்கிறார். வேறு கணக்கில் என்ன நடந்தது என்பதும் அதில் வராது.

‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கியவர் மீது 2023 அக்டோபரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய ஒன்று. பங்குச் சந்தையில் பெரிய லாபம் பார்ப்பவராகக் காட்டிக்கொண்டு பயிற்சியும் பரிந்துரையும் விற்றவர். 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேல் நிகர நஷ்டம் என்று செபி கண்டது. வாடிக்கையாளர்களிடம் வாங்கிய சுமார் 17 கோடி ரூபாயை முடக்கவும் உத்தரவிட்டது.

கட்டணம் வாங்கிக்கொண்டு பரிந்துரை தருபவர் செபியில் ஆய்வாளராகவோ ஆலோசகராகவோ பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர் எண் INH என்றும் ஆலோசகர் எண் INA என்றும் தொடங்கும். சேனலில் எழுதியிருக்கும் எண்ணை sebi.gov.in தளத்தின் பட்டியலில் தேடி, அங்கே இருக்கும் பெயரும் தொலைபேசியும் நீங்கள் பேசுகிற ஆளுடையதுதானா என்று பாருங்கள். வேறொருவரின் எண்ணைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எண் சரியாகவே இருந்தாலும், அவர் சிக்னல் லாபம் தரும் என்று செபி சொன்னதாக ஆகாது. ‘நிச்சய லாபம்’ என்று பதிவு பெற்றவர் சொன்னாலும் அது விதிமீறல்தான்.

நீங்களே எழுதும் கணக்கு

சந்தா கட்டினாலும் இலவச சோதனைக் காலமாக இருந்தாலும், முதல் 40, 50 சிக்னல்களுக்குப் பணம் போடாமல் எழுதி மட்டும் வையுங்கள். சிக்னல் வந்த நிமிடத்தை நொடியோடு குறித்துக்கொண்டு, அந்த ஆப்ஷனின் ஒரு நிமிட சார்ட்டைத் திறந்து, அடுத்த நிமிடத்தின் உச்ச விலையை உங்கள் வாங்கும் விலையாக எழுதுங்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வாங்கும்போது நடப்பது இதற்கு நெருக்கமானதுதான். 120க்கு வாங்கச் சொன்ன ஆப்ஷன் காலையில் 140ல் திறந்திருந்தால் 140 என்றே எழுத வேண்டும். ஒரே நிமிடத்துக்குள் டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் தொட்டிருந்தால் ஸ்டாப்லாஸ் என்று கொள்ளுங்கள். முடிவைப் பற்றிச் செய்தியே வராத சிக்னல்களை மறக்காமல் எழுதுங்கள், தோல்விகள் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். ‘காஸ்ட்டில் வெளியே வந்துவிட்டோம்’ என்று வரும்போது, அந்தச் செய்தி வந்த நேரத்தில் விலை உண்மையில் எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள்.

இந்த 50 சிக்னலும் ஏறுமுகமான ஒரு மாதத்தில் வந்தவையாக இருந்தால், கால் ஆப்ஷன் வாங்கச் சொன்ன எவரும் திறமைசாலியாகத் தெரிவார். சேனல் பழையது என்றால் அதைத் தாண்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. 2024 ஜூன் 3ஆம் தேதிக்கும் 4ஆம் தேதிக்கும் போய்ப் படியுங்கள். தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பி முதல் நாள் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது, முடிவு வந்த மறுநாள் 6 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. முந்தைய நாள் சிக்னல்களில் எவை இரவு தாண்டிக் கையில் இருந்தன, காலை 9:15க்கு அவர் என்ன எழுதினார், ஸ்டாப்லாஸைத் தாண்டி விலை வேகமாக விழுந்தபோது மாதப் பட்டியலில் அந்த நஷ்டம் எத்தனை புள்ளியாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க வரி அறிவிப்புக்குப் பின் சரிவோடு திறந்த 2025 ஏப்ரல் 7க்கும் இதையே செய்யலாம். அந்தத் தேதிகளில் செய்தி எண்கள் தாவினால், மீதிக் கணக்கைப் போட வேண்டிய வேலை மிச்சம்.