கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று சார்ஜ் மெமோவை ஒதுக்கி வைக்காதீர்கள்

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் பணி வழக்குகளை எடுக்கத் தொடங்கும் இளம் வக்கீல்களிடமும், அவர்களைத் தேடி வரும் சஸ்பென்ஷன் ஊழியர்களிடமும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அனுபவம் இல்லாத காலத்தில் நாங்களும் செய்த தவறுதான் அது. கெடு தாண்டிப் பதில் கொடுப்பது, நகல் வைத்துக்கொள்ளாமல் கொடுப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்வார்கள். இங்கே, ஒரே சம்பவத்துக்குப் போலீஸ் கேஸும் துறை விசாரணையும் ஒன்றாக நடக்கும்போது வரும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

"கேஸ் நிலுவையில் இருக்கிறது" என்று இருந்துவிடுவது

இதுதான் வேலையைப் பறிக்கும் தவறு. கோர்ட்டில் கேஸ் இருக்கும்போது துறை விசாரணை நடத்தக் கூடாது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதே பொது விதி. குற்றச்சாட்டு கடுமையானதாகவும், அதில் சிக்கலான சட்ட, விவரக் கேள்விகள் இருப்பதாகவும், இரண்டு பக்கமும் ஒரே விவரங்களின் மீது நிற்பதாகவும் இருந்தால், துறை விசாரணையை நிறுத்தி வைப்பது விரும்பத்தக்கது என்று மட்டுமே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுத்தி வைக்கச் சொல்லி ஊழியர்தான் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அது தானாகக் கிடைக்காது.

காட்பாடி பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பணம் வாங்கும் இளநிலை உதவியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 14 ரசீதுகளுக்கு வாங்கிய 86,400 ரூபாய் கருவூலத்துக்குப் போகவில்லை, ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல்கள் திருத்தப்பட்டிருக்கின்றன என்று புகார். நம்பிக்கை மோசடிக்கும் போலி ஆவணத்துக்கும் எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. அதோடு 17(பி) சார்ஜ் மெமோவும் வருகிறது. முதல் குற்றச்சாட்டு பணக் கையாடல், இரண்டாவது ரொக்கப் பதிவேட்டை அன்றன்று எழுதாதது, மூன்றாவது மாத இறுதி இருப்பை மேலதிகாரியிடம் காட்டாதது.

அவர் பதில் கொடுக்கவில்லை. விசாரணை அலுவலர் இரண்டு தேதிகளுக்கு அழைத்தும் போகவில்லை. "இப்போது வாயைத் திறந்தால் கேஸில் மாட்டிக்கொள்வீர்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசாரணை ஒருதலையாக நடந்து முடிந்து டிஸ்மிஸ் ஆணை வருகிறது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாததால், அவர்கள் சொன்னதெல்லாம் மறுக்கப்படாத சாட்சியமாகப் பதிவாகிவிட்டது. நான்கு வருடம் கழித்து கோர்ட்டில் விடுதலை கிடைத்தாலும் அந்தப் பதிவு அப்படியே நிற்கும்.

இப்படி இருந்துவிடுபவர்கள் கையில் எடுத்து வருவது பால் அந்தோணி தீர்ப்பு. வழக்கு நமக்கு அருகிலேயே, எல்லை தாண்டிய கோலார் தங்க வயலில் பிறந்தது. பாரத் கோல்டு மைன்ஸ் பாதுகாப்பு அதிகாரி அவர். 1985-ல் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது, சஸ்பெண்ட் ஆனார். 1986-ல் ஒருதலை விசாரணையில் டிஸ்மிஸ், 1987-ல் கோர்ட்டில் விடுதலை. 1999-ல்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. "அவரும் போகவில்லையே" என்கிறார்கள். அவர் ஏன் போகவில்லை என்பதைப் படிப்பதில்லை. அவருக்குப் பிழைப்பூதியம் கொடுக்கப்படவில்லை. கையில் காசில்லாமல், உடல்நலமும் சரியில்லாமல் ஊரில் இருந்தார். அதனால்தான் ஒருதலை விசாரணை தவறு என்று ஆனது. அதோடு, துறை நம்பிய அதே சோதனைச் சாட்சியத்தைக் கோர்ட் நம்ப மறுத்திருந்தது. பிழைப்பூதியத்தை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, காரணம் சொல்லாமல் வீட்டில் இருந்தவருக்கு இந்தத் தீர்ப்பு கை கொடுக்காது.

நம் இளநிலை உதவியாளர் செய்திருக்க வேண்டியது இதுதான். மெமோவில் குறித்த கெடுவுக்குள், இணைப்பில் சொன்ன ஆவணங்களின் நகலை எழுத்தில் கேட்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தைப் போலீஸ் கைப்பற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். பதிலில் குற்றச்சாட்டுகளை மறுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தற்காப்பு என்ன என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை. குற்ற எண்ணைச் சொல்லி, முதல் குற்றச்சாட்டு மீதான விசாரணையை ஒத்திவைக்கக் கேட்க வேண்டும். அதற்கு ஆணை வரும்வரை ஒவ்வொரு தேதிக்கும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வேலையில் இல்லை என்ற சான்றை மாதந்தோறும் கொடுத்துப் பிழைப்பூதியத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தராவிட்டால் அதையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை கேட்பது

இரண்டாவது, மூன்றாவது குற்றச்சாட்டுகள் போலீஸ் கேஸில் இல்லவே இல்லை. பதிவேடு எழுதாதது கடமைத் தவறு. அதற்கும் தடை கேட்டால், மனு முழுவதுமே இழுத்தடிப்பதாகத் தெரியும். மனு எழுதும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, மெமோவின் குற்றச்சாட்டு, சாட்சி, ஆவணங்களை ஒரு பக்கமும், போலீஸின் குற்றப்பத்திரிகையில் உள்ளவற்றை மறு பக்கமும் எழுதுங்கள். ஒத்துப்போகும் பகுதிக்கு மட்டும் கேளுங்கள்.

"என் தற்காப்பு வெளிப்பட்டுவிடும்" என்ற ஒற்றை வரியும் போதாது. ராஜஸ்தான் அரசுக்கும் பி.கே. மீனாவுக்கும் இடையிலான 1996-ம் வருட வழக்கில், தடை என்பது கேட்டவுடன் கொடுப்பதல்ல, ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பார்த்தே முடிவு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் உதாரணத்தில், திருத்தம் யார் கையெழுத்து என்பதே கேஸின் மையம், கையெழுத்து நிபுணரின் விசாரணை கோர்ட்டில் இனிமேல்தான் வரப்போகிறது, அதற்கு முன் எழுத்தர்களைத் துறையில் குறுக்கு விசாரணை செய்தால் தற்காப்பு முழுதும் வெளியே வந்துவிடும் என்ற அளவுக்காவது சொல்ல வேண்டும்.

மாஜிஸ்திரேட்டிடம் தடை கேட்பது

அங்கே கிடைக்காது. அரசு ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும், அதுவும் விசாரணை அறிக்கை வருவதற்கு முன்.

தடை வாங்கிவிட்டு வாய்தா வாங்குவது

தடை காலவரையற்றது என்று நினைத்து, கேஸில் ஒவ்வொரு தேதிக்கும் மனு போட்டுத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஸ்டான்ஸன் டொயோடெட்சு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், கேஸை ஒரு வருடத்துக்குள் முடிக்கச் சொன்னது. முடியாவிட்டால் துறை விசாரணை மறுபடி தொடரலாம் என்றது. கேஸ் தேவையில்லாமல் நீண்டால் தடையை நீக்கக் கோரத் துறைக்கு வழி உண்டு என்பது பால் அந்தோணி தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்போது உங்கள் வாய்தா மனுக்களையே துறை எடுத்துக் காட்டும்.

"ஒரே தப்புக்கு இரண்டு தண்டனையா?"

அரசமைப்பின் 20(2) பிரிவு கோர்ட் தண்டனையைப் பற்றியது. துறை விசாரணைக்கு அது பொருந்தாது.

எஃப்.ஐ.ஆர். நகலையே சாட்சியமாக வைப்பது

இது துறை பக்கத்துத் தவறு. போலீஸ் திரட்டிய காகிதங்களைக் கோப்பில் சேர்த்துவிட்டு, யாரையும் சாட்சியாக விசாரிக்காமல் "நிரூபணம்" என்று எழுதும் அலுவலர்கள் உண்டு. ரூப் சிங் நேகி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எஃப்.ஐ.ஆர். தன்னளவில் சாட்சியம் ஆகாது, ஆவணத்தை யாராவது வந்து நிரூபிக்க வேண்டும். உங்கள் விசாரணையில் சாட்சி யாரும் வரவில்லை என்றால், அந்தத் தேதியிலேயே ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். தேதிக்குப் போயிருந்தால்தான் அதை எழுத முடியும்.

விடுதலை ஆணையோடு நேரே வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணுவது

துறையில் குற்றம் நிரூபணமாக 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவு போதும், கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அதனால் விடுதலை எப்படி வந்தது என்பதையும் பார்ப்பார்கள். தென்காசி பஸ் நிலையத்தில் தம்பதியிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் வந்த ஒரு தலைமைக் காவலர் வழக்கில், முக்கிய சாட்சிகள் பிறழ்ந்ததால் கோர்ட்டில் விடுதலை கிடைத்தது. அது கௌரவமான விடுதலை அல்ல என்று சொல்லி 2012-ல் உச்ச நீதிமன்றம் துறைத் தண்டனையை நிலைநிறுத்தியது. எனவே தீர்ப்பின் கடைசி வரியை மட்டும் மேல்முறையீட்டில் இணைக்காதீர்கள். துறை நம்பிய சாட்சியத்தை கோர்ட் எந்தப் பத்தியில், என்ன காரணத்துக்காக நிராகரித்தது என்று பத்தி எண்ணோடு எழுதிக் காட்டுங்கள்.