ஒரு பக்கத்தின் படத்திலிருந்து பத்து வினாக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் மாலை வகுப்பு எடுப்பவர்களுக்குப் பாடநூலின் பக்கம் பல வேளைகளில் வாட்ஸ்அப் படமாகத்தான் வந்து சேர்கிறது. அதை வைத்து அன்றைக்கே பத்துப் பல்தேர்வு வினாக்கள் எழுதிவிடலாம். அந்த வினாக்கள் எங்கே பழுதாகின்றன என்பதை விஞ்ஞானப் பாடத்தின் ஒரு பக்கத்தைக் கொண்டு பார்ப்போம். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று சோதிக்கும் பரிசோதனை அது. இலையைக் கொதிநீரில் இட்டு, பின் நீர்த்தொட்டியில் வைத்த அற்ககோலில் சூடாக்கி, வெந்நீரில் கழுவி, அயடீன் கரைசல் இட்டால், மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும்.

முதல் தவறு, வந்த படத்தை முழுப் பாடமாக எடுத்துக்கொள்வது. செடியை இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும் என்ற செய்தி முந்தைய பக்கத்தின் அடியில் இருந்தால், “ஏன் இருட்டில் வைக்கிறோம்?” என்ற நல்ல வினா தப்பிப்போகும். புத்தகத்தின் நடு மடிப்பில் வரியின் கடைசி எழுத்துகள் மறைந்திருந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள். முன், பின் பக்கங்களையும் சேர்த்து மீண்டும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, பக்கத்தில் உள்ள வசனத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போடுவது. “அற்ககோல், இலையில் உள்ள ______த்தை அகற்றும்” என்று எழுதினால், பாடம் படிக்காத பிள்ளையும் விடை சொல்லும். ‘த்தை’ என்ற ஒட்டு மகரத்தில் முடியும் சொல்லையே ஏற்கும். மாப்பொருள், அயடீன், நீர் எதுவும் அங்கே பொருந்தாது. எஞ்சுவது பச்சையம் மட்டுமே. தமிழில் வினா எழுதும்போது வேற்றுமை உருபையும் புணர்ச்சியையும் விடைக்குள் தள்ளிவிடுவது நல்லது. அப்போது வசனம் விடையைக் காட்டிக்கொடுக்காது.

இதே செய்தியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “இலையை அற்ககோலில் சூடாக்குவது எதற்காக?” (1) மாப்பொருளை அகற்றுவதற்கு (2) பச்சையத்தை அகற்றுவதற்கு (3) இலையின் கலங்களைக் கொல்வதற்கு (4) இலையை மென்மையாக்குவதற்கு. பிழையான மூன்றும் இதே பரிசோதனையிலிருந்து வந்தவை. கலங்களைக் கொல்வது கொதிநீரின் வேலை. மென்மையாக்குவது கடைசியில் கழுவும் வெந்நீரின் வேலை. மூன்றாவதைத் தெரிவு செய்த பிள்ளை படிமுறைகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறது என்பது உடனே தெரியும். அந்த இடத்தில் “இலையைக் கழுவிக் காயவைப்பதற்கு” என்று இட்டு நிரப்பியிருந்தால் எதுவும் தெரிந்திராது. பிழையான விடைகளுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாரும் தேர்ந்தெடுக்காத விடை இருந்தும் பயனில்லை. சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தாலும் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

பத்து வினாக்களும் படித்ததை நினைவுபடுத்துவதாகவே இருக்கக்கூடாது. இரண்டு மூன்று வினாக்களாவது பக்கத்தில் இல்லாத நிலைமையைக் கேட்கட்டும். முற்றத்தில் பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள செவ்வரத்தை நிற்கிறது. வெயிலில் நின்ற அதன் இலைக்கு இந்தச் சோதனையைச் செய்தால் வெள்ளைப் பகுதி என்ன நிறம் காட்டும்? பச்சையம் இல்லாத இடத்தில் ஒளித்தொகுப்பு நடைபெறாது, ஆகவே அயடீனின் மண்ணிறமே நிற்கும். பக்கத்தை மனனம் செய்தவருக்கு இந்த விடை நேராகக் கிடைக்காது.

எழுதி முடித்தபின் பத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். மூன்றாம் வினாவில் “அயடீன் இட்டதும் கருநீலமான இலை” என்று சொல்லிவிட்டு, எட்டாம் வினாவில் மாப்பொருளுடன் அயடீன் தரும் நிறத்தைக் கேட்பது அடிக்கடி நேரும். சரியான விடையை இரண்டாம், மூன்றாம் இடங்களிலேயே ஒளித்துவைக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு; நான்கு இடங்களுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

புள்ளிகளைப் படிக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் சராசரியாகப் பத்துக்கு இரண்டரை வரும். மூன்று எடுத்தவர் எதையோ கற்றார் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மொத்தப் புள்ளியைவிட, ஒவ்வொரு வினாவிலும் எந்த விடையை எத்தனை பேர் தெரிவு செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பிழையான விடைக்குப் போயிருந்தால், முதலில் உங்கள் விடைப் பட்டியலைத் திறந்து அதில் உள்ள விடை சரியா என்று பாருங்கள். அது சரியென்றால் அந்தப் படிமுறையை அடுத்த வகுப்பில் மீண்டும் செய்து காட்டுங்கள்.