ஓணான் வெயில் காய்வதும் நாம் வியர்ப்பதும்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓணானைக் "குளிர் இரத்தப் பிராணி" என்று எழுதிப் பழகிவிட்டதால், அதன் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருக்கும் என்று பலர் நம்பிவிடுகின்றனர். அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் பாலை இகுவானா என்னும் பல்லியினம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பநிலையில் ஓடியாடி இலையும் பூவும் தின்கிறது. அந்நேரத்தில் அதன் இரத்தம் நம்முடையதைவிடச் சூடானது. வேறுபாடு வெப்பத்தின் அளவில் இல்லை, அது எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பாலூட்டிகள் உண்ட உணவை எரித்து உடலுக்குள்ளேயே போதிய வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஓணான் அதனை வெயிலிடமும் சூடேறிய கல்லிடமும் பெறுகிறது. முன்னவற்றை அகவெப்ப விலங்குகள் என்றும் பின்னவற்றைப் புறவெப்ப விலங்குகள் என்றும் எழுதினால் இந்தக் குழப்பம் எழாது.

"சுற்றுப்புறத்தின் வெப்பநிலையே அதன் வெப்பநிலை" என்று எழுதுவதும் முழு உண்மையன்று. காலையில் வேலிமேல் ஏறும் ஓணான் உடலைத் தட்டையாக்கி, விலாப்புறத்தை வெயிலுக்குக் காட்டுகிறது. போதிய சூடு ஏறியதும் தலையை வெயிலை நோக்கித் திருப்பி, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேல் சூடானால் நிழலுக்கு இறங்கிவிடுகிறது. கௌல்ஸ், போகர்ட் ஆகிய இருவரும் பாலைவன ஊர்வனவற்றைப் பற்றி 1944இல் வெளியிட்ட ஆய்வு, அவை இவ்வாறு இடம் மாறியே தம் வெப்பநிலையை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன என்று காட்டியது. ஆகவே, வெயில் விரும்பி என்பதற்காக நிழலே இல்லாத கூண்டில் அதனை வெயிலில் வைத்தால், அது விரைவில் இறந்துவிடும்.

குளிரில் விறைத்த ஓணானுக்குக் கம்பளி போர்த்துவது இதே வகைப் பிழை. கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை, உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. உள்ளே போதிய வெப்பமே உண்டாகாத உடலில் அது வெயிலைத் தடுக்கும் திரையாகிவிடும்.

வியர்வை சுரந்தவுடன் உடல் குளிர்கிறது என்பது நம்மைப் பற்றிய தவறு. ஒரு கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். தோலின் மேல் அதே நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரியை எடுத்துச் செல்கிறது. முழங்கையிலிருந்து சொட்டி விழும் துளி அந்த வெப்பத்தை எடுத்துச் செல்லாமலே வீணாகிறது. சென்னையின் ஈரக்காற்றில் வியர்த்துக் கொட்டியும் புழுக்கம் தணியாததற்குக் காரணம் இதுதான். எல்லாப் பாலூட்டிகளும் வியர்வையையே நம்பியிருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது: நாய் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது.

நடுக்கம் இதற்கு எதிர்த்திசையில் நடக்கும் வேலை: தசைகள் எதையும் தூக்காமலும் நகர்த்தாமலும் விரைந்து சுருங்கி விரிவதால், அவை செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. ஆனால் "ஊர்வன நடுங்கா" என்று பொதுவிதி எழுதிவிடாதீர்கள். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும் பெண் இந்திய மலைப்பாம்பு, காற்று குளிர்ந்தால் தன் தசைகளைத் துடிக்கச் செய்து, முட்டைகளைச் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக வைத்திருக்கிறது.